கடிதம் மாறினாலும் எழுத்து சிறுக்காமல் இருக்க

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்கு வர வேண்டிய உதவித்தொகை இரண்டு மாதம் தாமதமாக வந்தது. காரணம் நான்தான். மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களைச் சரிபார்த்து மறுமொழி அனுப்பும்படி மின்னஞ்சலில் ஓர் அட்டவணை வந்திருந்தது. அந்த மாணவியின் எண்ணில் தவறாக 3 என்று இருந்ததை நான் 8 என்று படித்துவிட்டேன். அவளுடைய வங்கிப் புத்தகத்திலும் 8 என்றே இருந்ததால், "சரி" என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. திரையில் சின்ன எழுத்தைப் படிப்பது சிரமம். எங்கள் பள்ளிக் கணினியில் அவுட்லுக் மென்பொருள் வழியாகத்தான் மின்னஞ்சல் பார்க்கிறோம். இடப்பக்கம் கடிதங்களின் பட்டியல் இருக்கும். ஒன்றைத் தொட்டால் வலப்பக்கப் படிப்புப் பலகத்தில் கடிதம் விரியும். Ctrl விசையை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும் என்பது எனக்கு முன்பே தெரியும். அன்றும் அப்படித்தான் செய்தேன். முதல் கடிதத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். அடுத்ததற்குப் போனதும் எழுத்து பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. மறுபடி பெரிதாக்கினேன். அட்டவணை இருந்த ஐந்தாவது கடிதம் வந்தபோது மணி அடித்துவிட்டது. "பரவாயில்லை" என்று சிறிய எழுத்திலேயே படித்துவிட்டேன்.

பிறகு எங்கள் கணித ஆசிரியர் இதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க பெரிசாக்கினது அந்த ஒரு கடிதத்தை மட்டும்தான். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில சொல்லி வைக்கலாமே" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். அவுட்லுக் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு தனி ஆவணமாகத் திறந்து காட்டுகிறது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, கடிதங்களைத் திரையில் வரைந்து காட்டும் வேலையை வேர்ட் மென்பொருளின் பொறியே செய்கிறது. சக்கரத்தை உருட்டி நாம் மாற்றும் உருப்பெருக்கம், அப்போது திறந்திருக்கும் ஆவணத்தின் தோற்றத்தை மட்டுமே மாற்றும். அடுத்த கடிதத்தைத் தொட்டதும் புதிய ஆவணம் இயல்பான 100% அளவில் வந்து நிற்கும். ஆகவே அந்த இயல்பு அளவையே மாற்ற வேண்டும்.

அதற்கான வழி எளிது. முதலில் ஏதாவது ஒரு கடிதத்தைத் தேர்ந்தெடுத்துப் படிப்புப் பலகத்தில் திறந்துகொள்ளுங்கள். சாளரத்தின் கீழ் விளிம்பில், வலது மூலையில் ஒரு சறுக்குப் பட்டையும் அதன் அருகே 100% என்ற எண்ணும் தெரியும். பட்டையை நகர்த்தாதீர்கள்; அதுவும் சக்கரத்தைப் போல ஒரு கடிதத்துக்கு மட்டுமே. அந்த எண்ணின் மீதே சொடுக்குங்கள். Zoom While Reading என்ற சிறு பெட்டி திறக்கும். அதில் Percent என்ற இடத்தில் வேண்டிய அளவை, எடுத்துக்காட்டாக 140 என்று, இடுங்கள். அதே பெட்டியில் உள்ள Remember my preference என்பதற்கு எதிரே குறியிட்டு, OK கொடுங்கள்.

குறியிட மறந்தால் அளவு அந்த ஒரு கடிதத்தோடு போய்விடும். நான் முதல் முறை செய்த தவறும் அதுவே. சரியாக அமைந்ததா என்று அறிய, மூன்று நான்கு கடிதங்களை மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். பிறகு மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். மூலையில் 140% என்றே நின்றால் அமைப்பு பதிந்துவிட்டது. கீழ்விளிம்பில் எண்ணே தெரியாவிட்டால், அந்த விளிம்பில் வலச்சொடுக்கி, வரும் பட்டியலில் Zoom என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் Remember my preference என்ற வரியே இருக்காது. அவற்றில் கடிதம் தோறும் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை.

எந்த அளவை வைப்பது? பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நான் முதலில் 200 வைத்தேன். சாதாரணக் கடிதங்களின் வரிகள் பலகத்தின் அகலத்துக்கு ஏற்ப மடங்கிக்கொண்டன. ஆனால் அகலம் குறித்து அனுப்பப்பட்ட அட்டவணைகள் மடங்கவில்லை. மாணவர் பெயர் முதல் நெடுவரிசையிலும் கணக்கு எண் கடைசி நெடுவரிசையிலும் இருந்தன. பெயரைப் பார்த்தால் எண் தெரியவில்லை. எண்ணுக்கு நகர்த்தினால் பெயர் மறைந்தது. ஒருவர் எண்ணை அடுத்தவருக்குப் படித்துவிடும் ஆபத்து 3, 8 குழப்பத்தைவிடப் பெரியது. ஆகவே அதே பழைய அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு 175, 160, 150 என்று குறைத்து வந்தேன். 140இல் எல்லா நெடுவரிசைகளும் ஒன்றாகத் தெரிந்தன. 11 புள்ளி அளவில் வந்த எழுத்து அப்போது 15.4 புள்ளி எழுத்தைப் போலத் தெரியும். ன, ண வேறுபாடும் மெய்யெழுத்துப் புள்ளியும் கண்ணாடி போட்ட என் கண்ணுக்குத் தெளிவாகவே தெரிந்தன. உங்கள் திரையில் இந்த எண் வேறாக இருக்கலாம். உங்களுக்கு வரும் கடிதங்களிலேயே அகலமான அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு அளவைத் தேர்ந்தெடுங்கள்.

ஏதாவது ஒரு கடிதத்தை மட்டும் இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் சக்கரத்தை உருட்டலாம். அடுத்த கடிதத்துக்குப் போனதும் அளவு 140க்கே திரும்பும். முன்பு தொல்லையாக இருந்த அந்தத் திரும்பல் இப்போது நமக்கு உதவுகிறது. கை தவறி உருட்டிவிட்டாலும் கவலையில்லை.

இந்த அமைப்பு செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். இது நாம் படிக்கும் தோற்றத்தை மட்டுமே மாற்றும். நாம் அனுப்பும் கடிதம் பெறுபவருக்குப் பெரிதாகப் போகாது. அச்சிட்டாலும் எழுத்தின் அளவு மாறாது. புதிய கடிதம் எழுதும் சாளரத்துக்கு இது பொருந்தாது; அங்கே Format Text பகுதியில் உள்ள Zoom பொத்தானைத் தனியே பயன்படுத்த வேண்டும். இடப்பக்கக் கடிதப் பட்டியலின் எழுத்தும் மாறாது. இணைப்பாக வரும் பிடிஎஃப் கோப்பு வேறு மென்பொருளில் திறப்பதால் அதற்கும் தொடர்பில்லை. வேறு கணினியில் அமர்ந்தால் அங்கே மறுபடி அமைக்க வேண்டும். பள்ளியில் ஒரே கணினியைப் பலர் ஒரே பயனர் பெயரில் திறந்தால் என் 140 எல்லாருக்கும் 140தான். எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர் "எழுத்து ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?" என்று கேட்டபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

உலாவியில் மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. குரோம் போன்ற உலாவியில் Ctrl விசையுடன் + விசையை அழுத்திப் பெரிதாக்கினால், அந்த இணையதளத்துக்கான அளவை உலாவியே நினைவில் வைத்துக்கொள்ளும்.

இந்த ஆண்டும் அதே அட்டவணை வந்தது. 140இல் ஒவ்வோர் எண்ணையும் வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஓரிடத்தில் 6க்குப் பதில் 5 என்று இருந்தது. திருத்தத்தைக் குறித்து அன்றே பதில் அனுப்பினேன்.