அப்பா கொடுத்த வீடு, அப்பா வாங்கிய விலை

தாம்பரத்தில் ஒருவர் 2006 மே மாதம் 12 லட்ச ரூபாய்க்கு வாங்கிய வீட்டை, 2023 ஆகஸ்டில் மகனுக்கு எழுதிக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய மதிப்பு 48 லட்சம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை 10 முதல் தீர்வை 40,000 ரூபாயையும் கட்டணம் 10,000 ரூபாயையும் தாண்டாது. ஆக, மகனுக்கு 50,000 ரூபாயோடு முடிந்தது. இதையே கிரயமாக எழுதியிருந்தால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 4.32 லட்சம் ஆகியிருக்கும்.

பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. மருமகள் பெயரில் எழுதினால் கிடையாது. வருமான வரிச் சட்டத்தில் மருமகளும் உறவினர்தான் என்பதால் பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

மகன் அந்த வீட்டை 2025 ஜூனில் 60 லட்சத்துக்கு விற்கும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது. பத்திரத்தில் இருக்கும் 48 லட்சத்தைத் தன் அடக்கவிலையாக எடுத்துக்கொண்டு, லாபம் 12 லட்சம்தான் என்று கணக்குக் காட்டத் தோன்றும். அது தவறு. தானமாக வந்த சொத்துக்கு, கொடுத்தவர் வாங்கிய விலைதான் அடக்கவிலை. எனவே லாபம் 48 லட்சம், 12.5% வரி 6 லட்சம் ரூபாய்.

அப்பா வைத்திருந்த காலமும் மகன் கணக்கில் சேரும் என்பது ஆறுதல். அவர் கையில் வீடு 22 மாதங்களே இருந்தாலும், 2006 முதல் எண்ணுவதால் 24 மாத வரம்பைத் தாண்டிவிடுகிறது; இது நீண்டகால லாபம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, நிலத்துக்கு இந்தியாவில் வசிப்பவர்கள் பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20% வரி என்ற பழைய முறையோடு ஒப்பிட்டு, குறைவானதைக் கட்டலாம். 2006-07 குறியீடு 122, 2025-26-க்கு 376. அப்படிப் பார்த்தால் 12 லட்சம் ஏறத்தாழ 37 லட்சமாக உயர்கிறது. வரி சுமார் 4.6 லட்சத்தில் நின்றுவிடும். எந்த முறையானாலும் 4% செஸ் தனி.

நகைக்குப் பத்திரம் தேவையில்லை. கையில் கொடுத்தாலே தானம் முடிந்தது, தீர்வையும் இல்லை. ஆனால் விற்கும்போது அடக்கவிலை விதி இதற்கும் அதேதான். அம்மா 2010-ல் 1.36 லட்சத்துக்கு வாங்கிய பத்துப் பவுனை மகள் 7.2 லட்சத்துக்கு விற்றால், லாபம் 5.84 லட்சம், வரி 73,000 ரூபாய். தங்கத்துக்குக் குறியீட்டுச் சலுகை இப்போது கிடையாது. ஆகவே நகையைக் கொடுக்கும் நாளிலேயே அம்மா தன் பழைய கடை ரசீதையும், தேதியோடு கையெழுத்திட்ட ஒரு தானக் கடிதத்தையும் மகளிடம் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய நகை என்றால் அன்றைய சந்தை மதிப்பையே அடக்கவிலையாகக் காட்டலாம். அதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் சான்றிதழ் கைகொடுக்கும்.