முப்பத்தெட்டு ஆண்டு காத்திருந்த முட்டை

முப்பத்தெட்டு வயதில் தாயாகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுடைய கருமுட்டை, அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே குன்றல் பிரிவைத் தொடங்கிவிட்டது. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்த நிலையில் அந்த வேலை அப்படியே நின்றது. மாதவிடாய்ச் சுழற்சியில் முட்டை வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முதல் பிரிவு முடிந்தது. இரண்டாம் பிரிவோ விந்தணு உள்ளே நுழைந்த பிறகே நிறைவேறியது.

ஆணுக்கு இந்தக் காத்திருப்பே இல்லை. பருவமடைந்தபின் விரையில் தாய்ச்செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 70 நாள் ஆகும். அதில் குன்றல் பிரிவுக்கு மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். ஒரு செல் நான்கு விந்தணுக்களாகிறது.

முட்டையில் பங்கீடு சமமாக இருப்பதில்லை. குரோமோசோம்கள் சரிபாதியாகப் பிரிந்தாலும், சைட்டோபிளாசம் ஏறக்குறைய முழுவதும் ஒரே செல்லிடம் தங்கிவிடும். மிச்சம் துருவச் செல்கள் எனும் சிறு துணுக்குகளாக ஒதுங்கி அழியும். கரு முதல் சில நாட்கள் இந்தச் சேமிப்பை நம்பித்தான் வாழ்கிறது. அதனால்தான் முட்டை 0.1 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. விந்தணுவின் தலையைப்போல் சுமார் இருபது மடங்கு.

நீண்ட காத்திருப்புக்கு விலையும் உண்டு. குரோமோசோம்களைப் பிணைக்கும் புரதங்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கின்றன. ஜோடி சரியாகப் பிரியாவிட்டால், ஒரு முட்டைக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டு கிடைத்துவிடும். டவுன் நோய்க்குறியில் பெரும்பாலும் நடப்பது இதுவே.