பதவி பார்த்து வரும் விளம்பரம்

கோவையில் ஒரு நிறுவனம் நூற்பாலைகளுக்கான மென்பொருள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கும் முடிவு ஆலையின் உற்பத்தி மேலாளர் கையில். அவரைத் தேடிப் பிடிக்க லிங்க்ட்இன் உதவும். உறுப்பினர்களே தங்கள் பதவியையும் நிறுவனத்தையும் அங்கே எழுதிவைக்கிறார்கள். ‘உற்பத்தி மேலாளர்’, ‘ஜவுளித் துறை’ என்று குறித்தால் விளம்பரம் அவர்களுக்கே போகும்.

செலவு ஏறுவதும் இங்கேதான். விளம்பர இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. அதே மேலாளரை இயந்திர விற்பனையாளரும் வங்கியும் தேடுகிறார்கள், ஆட்களோ சிலரே.

ஒரு கிளிக் 300 ரூபாய் என்று கொண்டால், 100 கிளிக்குக்கு 30,000 ரூபாய். அதில் 5 பேர் படிவம் நிரப்பினால், ஒருவருக்கு 6,000 ரூபாய். மென்பொருளின் விலை பல லட்சம் என்றால் இது கட்டுப்படியாகும். சில ஆயிரம் என்றால் நஷ்டம்தான்.

பதவிப் பெயரை மட்டும் நம்புவதும் சரியல்ல. அதே வேலையைச் செய்பவர் தன்னை ‘ஆலைத் தலைவர்’ என்று எழுதியிருந்தால் விடுபடுவார். பணிப் பிரிவையும் பதவி நிலையையும் சேர்த்துத் தேடினால் அவரும் அகப்படுவார். படிவம் நிரப்பியவர்களின் பதவிகளை வாரந்தோறும் பார்த்து, பொருந்தாதவற்றை விலக்கிவிட வேண்டும்.