குழாய்க்குள் பாகு

இட்லி மாவைப் பத்து வருஷம் பொங்க வைத்த கை என்னுடையது. அந்தத் தைரியத்தில், டெல்லிக்குக் குடிபோன முதல் ஏப்ரலில் ஜிலேபிக்கு மாவு கரைத்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மாவு வைத்த அளவிலேயே இருந்தது. புளிக்கவில்லை என்று முடிவுகட்டி, அந்தப் பகல் முழுவதும் அப்படியே விட்டேன். சாயங்காலம் பிழிந்தபோது எண்ணெயில் வட்டம் நிற்கவே இல்லை. பரவி, தட்டையாகி, எண்ணெயைக் குடித்து, அப்பளத்துக்கும் பஜ்ஜிக்கும் நடுவே ஏதோ ஒன்றாக மிதந்தது.

தெருமுனையில் காலையில் ஜிலேபி போடும் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மாவு மேலே வருகிறதா என்று பார்க்காதீர்கள் பெஹன்ஜி, மூக்கை வைத்துப் பாருங்கள்" என்றார்.

நம் கண் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இட்லி மாவில் உளுந்தின் கொழகொழப்பு, புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் மாவு பாத்திரத்தை நிறைத்துக்கொண்டு எழும்புகிறது. ஜிலேபிக்குக் கரைப்பது மைதா. அதையும் தளரக் கரைக்கிறோம். அந்தத் தளர்ந்த மாவில் காற்று அதிகம் தங்குவதில்லை. மேலே வந்து சின்னக் குமிழியாக உடைந்து போய்விடுகிறது. ஜிலேபி மாவு நன்றாகப் புளித்தாலும் கொஞ்சம்தான் உப்பும். இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருப்பவர், காத்திருந்தே மாவைக் கெடுத்துவிடுவார்.

(நம் ஊர்க் கடைகளில் ஜாங்கிரியையும் ஜிலேபி என்று கொடுத்துவிடுகிறார்கள். ஜாங்கிரி உளுந்து மாவில் செய்வது. அதைப் புளிக்க வைப்பதில்லை, மெத்தென்று இருப்பதே அதற்கு அழகு. நான் சொல்வது வடக்கே காலையில் சுடச்சுடப் போட்டுத் தரும் மைதா ஜிலேபி. இந்தூரில் அவலுடனும், குஜராத்தில் பாஃப்டாவுடனும், காசியில் கச்சோரியுடனும் சாப்பிடுவது.)

கால் கிலோ மைதாவுக்கு நான் எடுப்பது இது: நன்றாகப் புளித்த கெட்டித் தயிர் நாலு மேசைக்கரண்டி, கடலை மாவு ஒரு கரண்டி, தண்ணீர் சுமார் 220 மில்லி. கடைக்காரர்கள் தயிருக்குப் பதிலாக முந்தின நாள் மாவில் ஒரு கரண்டியை எடுத்து வைத்துச் சேர்ப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கமீர். தயிரிலும் கமீரிலும் இருக்கும் பாக்டீரியா மாவுக்குப் புளிப்பைத் தருகிறது. கூடவே வந்துசேரும் ஈஸ்ட் காற்றைத் தருகிறது. கரைத்த மாவு தோசை மாவைவிடக் கெட்டியாகவும் இட்லி மாவைவிடத் தளர்வாகவும் இருக்க வேண்டும். புளிக்கப் புளிக்க இன்னும் கொஞ்சம் இளகும் என்பதால், முதலில் சற்றுக் கெட்டியாக இருந்தால் தவறில்லை.

எத்தனை மணி நேரம் என்று கேட்டால் ஊரைக் கேட்க வேண்டும். சென்னை வெயிலில் எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். டெல்லியின் ஜனவரி இரவில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும்; அப்போது அதே மாவு ஒரு முழு நாள் கேட்கும். ஆகையால் கடிகாரத்தை நம்பாமல் மூன்று அடையாளங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மேற்பரப்பு முழுவதும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் நாலைந்து இருந்தால் பொழுது ஆகவில்லை. வாசனை புதுத் தயிரின் புளிப்பாக இருக்க வேண்டும். மூக்கைச் சுருக்க வைக்கும் கள் வாடை வந்தால் எல்லை தாண்டிவிட்டது. மூன்றாவது அடையாளம்தான் உறுதியானது. அடியில் தங்கிய மாவைக் கையால் கலக்கிவிட்டு, கரண்டியில் எடுத்து உயரத்திலிருந்து ஊற்றிப் பார்க்க வேண்டும். நாடாவைப் போல அறுபடாமல் இறங்கி, கீழே விழுந்த மடிப்பு சில விநாடி தெரிந்து, பிறகு மெதுவாக மறைய வேண்டும். துண்டு துண்டாகச் சொட்டினால் கெட்டி; ஒரு கரண்டி தண்ணீர் விடலாம். மோர் மாதிரி ஓடினால் நீர்த்துவிட்டது.

இந்தப் புளிப்பு எதற்காக? ருசிக்காக என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். மாவு எண்ணெயில் விழுந்ததும் அதன் தோல் உடனே இறுகுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி விரிகிறது. புளித்த மாவில் ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் குமிழிகள் அந்த ஆவிக்கு இடம் கொடுக்க, புளிப்பால் தளர்ந்த மாவும் இழுத்த இழுப்புக்கு வருகிறது. கயிறு மாதிரி விழுந்தது குழாயாக மாறுகிறது. நல்ல ஜிலேபி என்பது சுருட்டி வைத்த ஒரு மெல்லிய குழாய். மொறுமொறுப்பு அதன் சுவரில் இருக்கிறது, சாறு அதன் துளையில் இருக்கிறது. சுவரும் சேர்ந்து ஊறிவிட்டால் இரண்டும் போச்சு.

ஆகவே முதலில் ஒரே ஒரு வட்டம் பிழிந்து பொரித்து, பாகில் போடாமல் உடைத்துப் பார்ப்பேன். வெட்டுவாயில் துளை தெரிந்தால் மாவு தயார். துளை இல்லாமல் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தால் புளிப்பு போதவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கலாம். துளை இருந்தும் வட்டம் தட்டையாகப் பரவியிருந்தால் இரண்டில் ஒன்று காரணம்: எண்ணெய் சூடு போதவில்லை, அல்லது மாவு அதிகம் புளித்திருக்கிறது. எண்ணெயைச் சோதிப்பது சுலபம். ஒரு சொட்டு மாவு அடியைத் தொட்டதும் மேலே வந்தால் சரி, அடியிலேயே தயங்கினால் ஆறிய எண்ணெய், விழுந்தவுடன் சிவந்தால் காய்ந்த எண்ணெய். எண்ணெய் சரியாக இருந்தும் பரவினால் குற்றம் மாவில்தான். ஒரு கைப்பிடி புது மைதாவைக் கட்டியில்லாமல் கலந்து, கால் மணி நேரம் விட்டுப் பிழிந்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். என் ஏப்ரல் மாவுக்கும் அந்தக் கடைக்காரர் சொன்ன வைத்தியம் அதுதான். ஜிலேபி வந்தது, கொஞ்சம் புளிப்பு தூக்கலாக.

பொரிப்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டையான அகலக் கடாயில் ஒரு அங்குல எண்ணெய் போதும். ஒரு முறை திருப்பினால் போதும். சலசலப்பு அடங்கும்வரை எடுக்கக் கூடாது. அந்தச் சத்தம் மாவிலிருந்து தண்ணீர் வெளியேறும் சத்தம். அது ஓயாமல் எடுத்தால் சுவரில் ஈரம் மிச்சம் இருக்கும். பாகில் போடுவதற்கு முன்பே தளர்ந்து தொங்கும் ஜிலேபியைப் பாகு காப்பாற்றாது.

பாகுதான் என்னை அதிக நாள் சோதித்தது. ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். கரைந்ததும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எலுமிச்சை வாசனைக்காக மட்டும் இல்லை. அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. பல வகைச் சர்க்கரை கலந்து கிடக்கும் பாகு சுலபத்தில் பூத்துப் படிகமாகாது. வேண்டிய பதம் ஒரு கம்பி. கடைக்காரர் அதை ஏக் தார் என்பார்.

கம்பி பார்ப்பதில் நான் செய்த தவறு இரண்டு. கொதிக்கும் பாகை அப்படியே எடுத்து விரலில் தொட்டேன். சூட்டில் பாகு இளகித்தான் இருக்கும், கம்பி விழாது. இன்னும் வேக வேண்டும் என்று தோன்றிவிடும். கரண்டி நுனியில் எடுத்துப் பத்து விநாடி ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒட்டிப் பிரித்தால், ஒரே ஒரு மெல்லிய நூல் நீண்டு அறுபட வேண்டும். இரண்டாவது தவறு, பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்பை அணைக்காதது. அந்த அரை நிமிஷத்தில் பதம் தாண்டிவிடும்.

விரலில் நம்பிக்கை வரும்வரை தராசை வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ சர்க்கரையும் அரை லிட்டர் தண்ணீருமாகப் பாகின் எடை ஒன்றரை கிலோ. கொதித்து 100 முதல் 120 கிராம் தண்ணீர் போனதும் சர்க்கரை நூற்றுக்கு எழுபத்திரண்டு அளவில் வந்து நிற்கும்; கம்பி விழுவது அந்த இடத்தில்தான். பாத்திரத்தோடு எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழித்து 1 கிலோ 390 கிராம் பக்கம் வந்ததும் இறக்கிவிடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் 105 டிகிரியை ஒட்டிக் காட்டும்.

பாகு நீர்க்க இருந்தால் என்ன ஆகிறது என்று ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். கம்பிக்கு முன்னால், விரலில் பிசுபிசுக்கும் பதத்திலேயே இறக்கினேன். முதல் கடி நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் வட்டங்கள் துவண்டுவிட்டன. நீர்த்த பாகில் சர்க்கரை பிடித்துவைக்காத தண்ணீர் மிச்சம் இருக்கிறது. அதை மொறுமொறுப்பான சுவர் உறிஞ்சிவிடுகிறது. கம்பிப் பதத்தில் தண்ணீரைச் சர்க்கரையே இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சுவருக்குக் கிடைப்பது குறைவு. இரண்டு கம்பிக்குப் போய்விட்டால் நேர் எதிர்: பாகு உள்ளே நுழையாமல் மேலேயே தங்கி, ஆறியதும் வெள்ளையாகப் பூக்கும். கடித்தால் உள்ளே வறண்ட குழாய். அதற்கு இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் விட்டு ஒரு கொதி வைத்தால் போதும்.

பாகு எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதும் இதில் சேர்ந்தது. ஜிலேபி எண்ணெயிலிருந்து நேராக வர வேண்டும், பாகு விரலைச் சுடும் ஆனால் உடனே இழுக்க வைக்காத சூட்டில் இருக்க வேண்டும். குழாய்க்குள் அப்போது இருப்பது ஆவி. பாகில் மூழ்கியதும் அது குளிர்ந்து தண்ணீராகச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் பாகை இழுத்துக்கொள்கிறது. ஆறிப்போன ஜிலேபியில் இழுக்க ஆவி இல்லை. ஆறிப்போன பாகு தடித்துப்போய் வாசலிலேயே நின்றுவிடும். கொதிக்கும் பாகோ சுவரை இளக்கிவிடும். அரை நிமிஷம், கரண்டியால் அழுத்தி ஒரு திருப்பு, எடுத்து வடிகட்டிவிட வேண்டும். ஒரு மணி நேரம் தொடர்ந்து போட்டால் ஓரத்தில் வைத்திருக்கும் பாகு தானாகவே தடிக்கும். கடைக்காரர்கள் அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது அதனால்தான்.

எல்லாம் சரியாக வந்த ஜிலேபியும் நெடுநேரம் நிற்காது. உள்ளே இருக்கும் பாகிலிருந்து சுவர் மெல்ல மெல்ல ஈரம் வாங்கிக்கொண்டேதான் இருக்கும். ஐப்பசி மழையில் வெளிக்காற்றும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் மொறுமொறுப்பை நான் எதிர்பார்ப்பதில்லை, டப்பாவில் அடைத்து ஊருக்கும் எடுத்துப் போவதில்லை. மிஞ்சியதை டெல்லியில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன்: ராத்திரி சூடான பாலில் போட்டு, துவண்டதும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டியது. அந்தப் பாலுக்குச் சர்க்கரை தேவைப்படாது.