பம்ப் நின்ற பிறகும் ஓடும் தண்ணீர்

மோட்டார் நின்று அரை மணி நேரம் ஆகிவிட்டது. குழாயில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, கடைசி வால்வு மூடியிருக்கிறது. ஆனாலும் பம்ப் அறைச் சுவரிலிருக்கும் திரை, வினாடிக்கு 5.6 லிட்டர் ஓடுவதாகச் சொல்கிறது. ஓட்டத்தை வென்சுரி மீட்டர் கொண்டு அளக்கும் இடங்களில் இப்படிப்பட்ட பேய் ஓட்டம் அபூர்வமல்ல. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் பேயும் பிடிபட்டுவிடும்.

வென்சுரி என்பது நடுவில் இடை சிறுத்த குழாய்த் துண்டு. வாயகன்ற பகுதியில் நிதானமாக வரும் தண்ணீர், இடுப்பில் விரைந்தாக வேண்டும்; வந்த தண்ணீர் அத்தனையும் அந்தச் சின்ன வழியாகத்தானே போக வேண்டும். வேகம் கூடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இத்தாலியரான வென்சுரி இதை ஆராய்ந்து 1797இல் வெளியிட்டார். அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஆலைகள் கால்வாய் நீரில் டர்பைன் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், யார் எவ்வளவு நீர் எடுக்கிறார்கள் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்த பொறியாளர் கிளெமன்ஸ் ஹெர்ஷல், 1887இல் இதை அளவுமானியாக்கினார். வென்சுரியின் பெயரையே வைத்தார்.

நம் பம்ப் அறையின் குழாய் 200 மில்லிமீட்டர் விட்டம், இடுப்பு 100. அகன்ற இடத்திலிருந்து ஒன்று, இடுப்பிலிருந்து ஒன்று என்று இரண்டு மெல்லிய டியூப்கள் கீழே இறங்கி, அழுத்த வேறுபாட்டை உணரும் டிரான்ஸ்மிட்டரில் சேர்கின்றன. அது 25 கிலோபாஸ்கல் வேறுபாட்டைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கணக்கு இதுதான்:

Q = C × A × √(2Δp/ρ) ÷ √(1 − β⁴)

25,000 பாஸ்கலை இரட்டித்து, தண்ணீரின் அடர்த்தி 1000ஆல் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் 7.07. தண்ணீர் இடுப்புக்கு வரும் முன்பே கொஞ்சம் வேகத்தோடுதான் வருகிறது. அதற்கான திருத்தம்தான் β உள்ள பகுதி. β என்பது விட்டங்களின் விகிதம், இங்கே 0.5. திருத்தியபின் 7.30 ஆகிறது. உராய்வால் குறைவதைச் சேர்க்க C, வென்சுரிக்கு ஏறக்குறைய 0.98. இடுப்பின் பரப்பு 0.00785 சதுர மீட்டர். எல்லாவற்றையும் பெருக்கினால் வினாடிக்கு 56 லிட்டர் வரும்.

வென்சுரிக்குப் பதில் 100 மில்லிமீட்டர் துளையிட்ட தகடு, அதாவது ஆரிஃபிஸ் பிளேட், பொருத்தியிருந்தால் அதே 25 கிலோபாஸ்கலுக்கு 35 லிட்டர் அளவுதான். துளையைத் தாண்டிய பிறகும் நீர்த்தாரை இன்னும் சுருங்குவதால் C 0.6 அருகே இறங்கிவிடுகிறது. தகடு விலை மலிவு. ஆனால் அந்த அழுத்த வேறுபாட்டில் ஏறக்குறைய முக்கால்வாசி திரும்பக் கிடைக்காமல் போய்விடும். அந்தச் செலவு பம்பின் மின் கட்டணத்தில் மாதாமாதம் ஏறும். வென்சுரியின் நீண்ட விரிவு வால், பெரும்பகுதியை மீட்டுத் தருகிறது.

சரி, பேய்க்கு வருவோம். அது குடியிருப்பது வர்க்கமூலத்தில். ஓட்டம் பத்தில் ஒன்றானால் அழுத்த வேறுபாடு நூறில் ஒன்றாகிவிடும்: 5.6 லிட்டருக்கு வெறும் 0.25 கிலோபாஸ்கல். அது இரண்டரை சென்டிமீட்டர் உயர நீரின் எடைதான். இடுப்புப் பக்க டியூபில் அந்த உயரத்துக்கு ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் போதும். அந்தப் பக்கம் அவ்வளவு எடை குறைகிறது. டிரான்ஸ்மிட்டர் அதை அழுத்த வேறுபாடு என்று எடுத்துக்கொள்கிறது. ஓடாத தண்ணீர் ஓடத் தொடங்கிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பம்ப் முழு வீச்சில் ஓடும்போது இதே குமிழி கால் லிட்டர் சொச்சம்தான் பிழை காட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள். உண்மையில் 5.6 லிட்டர் ஓடும் வேளையிலோ திரை எட்டு லிட்டர் என்கிறது. பகலில் நல்ல பிள்ளையாக இருக்கும் மீட்டர், தேவை குறைந்த நள்ளிரவில் புளுகுவது இதனால்தான்.

குறை டிரான்ஸ்மிட்டரிலா, டியூபிலா? அதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. இரண்டு டியூப்களின் வால்வுகளையும் மூடி, நடுவிலுள்ள சமன் வால்வைத் திறந்தால் டிரான்ஸ்மிட்டரின் இரு பக்கமும் ஒரே அழுத்தம். அப்போதும் திரையில் ஓட்டம் தெரிந்தால், கருவியின் பூஜ்ஜியம் நகர்ந்திருக்கிறது. பூஜ்ஜியமாகி, மீண்டும் டியூப்களோடு இணைத்ததும் 5.6 திரும்பி வந்தால் குற்றவாளி டியூபுக்குள் இருக்கிறது. இந்த நிலையில் டிரான்ஸ்மிட்டரின் பூஜ்ஜியத்தைத் திருத்துபவர்கள் ஒன்றுக்கு இரண்டாகத் தவறு செய்கிறார்கள்: குமிழி ஒருநாள் தானே விலகும்போது மீட்டர் எதிர்ப்பக்கம் பிழை காட்டத் தொடங்கும்.

டியூபைத் தடவிக்கொண்டே போனால், நடுவழியில் மேலே வளைந்து பிறகு இறங்கும் ஒரு சின்ன மேடு கையில் தட்டுப்படும். காற்று தங்க வசதியான இடம் அதுதான். டியூப் முழுக்க ஒரே சரிவாக இறங்க வேண்டும். படுத்த குழாயில் அதன் வாய் உச்சியில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வடிகால் திருகைத் தளர்த்தியதும் முதலில் புஸ்ஸென்று சத்தம், கொஞ்சம் துப்பல், பிறகு ஒழுங்கான நீர்ச்சரம். திருகை இறுக்கியதும் திரையில் 5.6 நின்ற இடத்தில் 0.0.