தலைப்பைவிடக் கருவி முக்கியம்

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரும் ஒருவர் முன் இரண்டு தலைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, இலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நுண்துகள் தயாரிப்பது. மற்றொன்று, மாத்திரைகளில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் மாசுகளைக் கண்டறிவது. மருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவதே கைகொடுக்கும். 2018-இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது தெரிந்து பல நாடுகளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதன்பின் இத்தகைய மாசுகளைக் கண்காணிப்பது நிறுவனங்களின் அன்றாடப் பொறுப்பாகிவிட்டது.

ஆனால் தலைப்பு மட்டும் போதாது. மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த முடிவை ஆய்வேட்டில் சேர்த்தவர் நேர்காணலில் மாட்டிக்கொள்வார். "வரைபடத்தில் ஒரே பொருளின் முகடு இரண்டாகப் பிளந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், கருவியைத் தானே இயக்கியவரால்தான் பதில் சொல்ல முடியும். எனவே எல்.சி.எம்.எஸ். கருவி துறையிலேயே இருக்கிறதா, மாணவர்களை அதில் கைவைக்க விடுகிறார்களா என்று மூத்த ஆய்வாளர்களிடம் முன்பே விசாரியுங்கள்.

நிறுவனமே நிதி தரும் தலைப்பென்றால் இன்னொன்றையும் பாருங்கள்: முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட அனுமதி உண்டா? ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால் பட்டமே தள்ளிப்போகலாம்.