மீதி 9,500 ரூபாய்

எங்கள் அறக்கட்டளை முதன்முதலாக ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதியில் மாணவிகளுக்குக் கல்வி உதவித்தொகை கொடுத்த ஆண்டில், அரையாண்டு அறிக்கையை ஒன்பது பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். தொடக்க விழா, சிறப்பு விருந்தினர் பேச்சு, மாணவிகளின் நன்றிக் கடிதங்கள், இருபது புகைப்படங்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் அந்த நிறுவனத்தின் அலுவலர் அழைத்தார். "எல்லாம் படிச்சேன் சார். இப்ப கையில மீதி எவ்வளவு இருக்கு?"

"பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. ஒன்பது பக்கத்தில் எங்கேயும் அந்த ஓர் எண் இல்லை.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எங்களைப் போன்ற அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டால் மட்டும் அது செலவானதாக ஆகிவிடாது. ஒப்புக்கொண்ட காரியத்துக்கு, ஒப்புக்கொண்ட விதத்தில் அந்தப் பணம் பயன்பட்டது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். அவர் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை, மாணவிகளையும் பார்த்ததில்லை. அவருக்கு முன்னால் இருப்பது எங்கள் மின்னஞ்சல் மட்டும்தான்.

ஆகவே நிதி தந்தவருக்கு எழுதும் அறிக்கைக்கு இரண்டு வாசகர்கள். எங்களை அறிந்த அலுவலர் ஒருவர். அவர் அதை அப்படியே முன்னனுப்ப, எங்களை அறியாமல் படித்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர். அந்த இரண்டாமவருக்கு யாரும் எதையும் கூடுதலாக விளக்க வேண்டியிராதபடி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதன் பிறகு நான் எழுதிய அறிக்கைகளில் ஒன்றை இங்கே பிரித்துக் காட்டுகிறேன். மாணவிகள் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். கணக்குப் போட்ட முறையை மாற்றவில்லை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த 20 மாணவிகள். ஆண்டுக்கு மொத்தம் 6,00,000 ரூபாய். அதில் கல்லூரிக் கட்டணத்துக்கு 4,00,000, விடுதியில் தங்கும் எட்டுப் பேரின் மெஸ் பணத்துக்கு 1,20,000, புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் 80,000. பணம் இரண்டு தவணையாக வரும். ஜூலையில் வந்த முதல் தவணை 3,00,000. ஒவ்வொரு தலைப்பிலும் சரிபாதி.

டிசம்பர் 31 அன்று செலவைக் கூட்டினேன். கல்லூரிக் கட்டணம் திட்டப்படி 2,00,000. மெஸ் பணம் 60,000 ஆகியிருக்க வேண்டும், ஆனது 52,500. புத்தகமும் தேர்வும் சேர்ந்து 40,000க்குப் பதில் 38,000. மொத்தச் செலவு 2,90,500. மீதி 9,500.

இந்த மீதியைக் கண்டதும் பலருக்கும் பயம் வந்துவிடும். குறைவாகச் செலவு செய்தால் அடுத்த தவணையைக் குறைத்துவிடுவார்களோ என்று நினைத்து, டிசம்பர் கடைசி வாரத்தில் எதையாவது வாங்கித் தீர்த்துவிடுவார்கள், அல்லது ஒரு தலைப்பின் மீதியை இன்னொரு தலைப்புக்குள் தள்ளிவிடுவார்கள். தணிக்கையாளர் ரசீதுகளைத் தலைப்பு வாரியாக அடுக்கும்போது இது வெளியே வந்துவிடும். மீதி இருப்பது குற்றமில்லை. எதனால் வந்தது என்று ரூபாய்க் கணக்கில் சொல்ல முடியாமல் போவதுதான் சிக்கல். எங்கள் 9,500க்குக் காரணம் இரண்டு. இரண்டு மாணவிகள் செப்டம்பர் முடிவில் விடுதியை விட்டார்கள். மாதம் 1,250 வீதம் மூன்று மாதம், இருவருக்கும் 7,500. ஒரு மாணவி படிப்பையே நிறுத்தினார். அவருக்கான புத்தக, தேர்வுப் பணம் 2,000. கூட்டினால் 9,500 நேராக வந்துவிடுகிறது.

இன்னொரு இடமும் இடறும். அன்று வங்கிப் பாஸ்புக்கில் இருந்தது 11,500. அறிக்கையோடு பாஸ்புக் நகலும் போகிறது, ஆகவே படிப்பவர் கண்ணில் முதலில் படுவது இந்த 2,000 வித்தியாசம்தான். புத்தகக் கடைக்கு டிசம்பர் 29 அன்று கொடுத்த 2,000 ரூபாய்க் காசோலையைக் கடைக்காரர் இன்னும் வங்கியில் போடவில்லை. இதை ஒரே வாக்கியமாகக் கணக்குக்குக் கீழே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டிருந்தால் பத்து நாள் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும்.

அடுத்தது விளைவு. இங்கேதான் நாங்கள் பெரும்பாலும் வழுக்குகிறோம். பயிலரங்கு நடத்தினோம், பெற்றோரைச் சந்தித்தோம் என்பதெல்லாம் நாங்கள் செய்த வேலை. மாணவிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் விளைவு. அதை நான் இப்படி எழுதினேன்:

"20 பேரில் 19 பேர் படிப்பைத் தொடர்கிறார்கள். ஒருவர் குடும்பச் சூழ்நிலையால் செப்டம்பரில் நிறுத்திவிட்டார். அவருக்குக் கட்டிய முதல் செமஸ்டர் கட்டணம் 10,000 ரூபாயைக் கல்லூரி திருப்பித் தராது. நவம்பர் தேர்வு முடிவு இதுவரை 11 பேருக்கு வந்துள்ளது. 9 பேர் எல்லாத் தாளிலும் தேர்ச்சி. ஒருவருக்குக் கணிதத்தில் அரியர், இன்னொருவருக்கு இரண்டு தாளில். இருவரும் அடுத்த தேர்வில் மறுபடி எழுதுகிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் சனிக்கிழமைதோறும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மற்ற 8 பேரின் முடிவுகளைப் பிப்ரவரி 15க்குள் அனுப்புகிறோம்."

"82 சதவீதத் தேர்ச்சி" என்று எழுதியிருக்கலாம், 11இல் 9 அவ்வளவுதான் வரும். ஆனால் முடிவு வராத எட்டுப் பேர் அந்தச் சதவீதத்துக்குள் காணாமல் போய்விடுவார்கள். பிறகு அவர்களில் மூன்று பேருக்கு அரியர் வந்தால் நாம் முதலில் சொன்னது பொய்போல ஆகிவிடும். இருபது முப்பது பேர் உள்ள திட்டத்தில் தலைகளை எண்ணிச் சொல்வதுதான் சரி.

மாணவிகளின் பெயர் மின்னஞ்சலில் இல்லை. ம-1 முதல் ம-20 வரை வரிசை எண்தான். பெயர், கல்லூரி, கட்டண ரசீது சேர்ந்த பட்டியலைக் கடவுச்சொல் போட்ட தனிக் கோப்பாக அலுவலருக்கு மட்டும் அனுப்புகிறோம். மின்னஞ்சல் எத்தனை கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. "இந்தப் பெண்ணுக்கு அரியர், இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை" என்பதெல்லாம் முன்பின் தெரியாத பத்துப் பேர் படிக்க வேண்டிய சேதி இல்லை. அட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடிக்கவைத்து அவர்களைப் படம் எடுப்பதையும் அந்த ஆண்டோடு விட்டுவிட்டோம். அந்தப் படத்தில் பல பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்கள்.

இனி, கேட்க வேண்டிய மாற்றம்.

விடுதியை விட்ட இருவரில் ஒருவரின் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். மற்றவர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. இருவரும் கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். போக வர 40 ரூபாய். மாதம் 22 நாள் என்றால் 880. எங்களிடம் அவர்கள் பெயரில் மெஸ் பணம் இருக்கிறது, ஆனால் பேருந்துக்கு என்று ஒரு தலைப்பு இல்லை. நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டத்தில் 'விடுதி' என்று இருக்கும்போது நாங்களாக 'பயணம்' என்று செலவு எழுத முடியாது. தொகை சின்னது என்பதால் விதி மாறிவிடாது.

மாற்றம் கேட்கும்போது நான்கு விஷயம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்: என்ன மாற வேண்டும், எவ்வளவு, பணம் எங்கிருந்து, எந்தத் தேதிக்குள் பதில் தேவை. "இதுகுறித்துத் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று முடித்தால் அலுவலருக்கு எதற்கு 'சரி' சொல்வது என்று தெரியாது. நான் எழுதியது:

"விடுதித் தலைப்பை 'விடுதி அல்லது தினசரிப் பயணம்' என்று மாற்ற ஒப்புதல் வேண்டுகிறோம். ம-6, ம-13 ஆகிய இருவருக்கும் ஜனவரி முதல் மே வரை தலா மாதம் 900 ரூபாய்க்கு மிகாமல், மொத்தம் 9,000 ரூபாய். இவர்களுக்கு ஒதுக்கிய ஜனவரி முதல் ஜூன் வரையிலான மெஸ் பணம் 15,000 தேவைப்படாது, கூடுதல் நிதி கேட்கவில்லை. ஜனவரி 20க்குள் பதில் கிடைத்தால் இந்த மாதமே கொடுத்துவிடலாம். ஒப்புதல் இல்லையென்றால் தொகையைத் தொடாமல் மீதியாகக் காட்டுவோம்."

அரசுப் பேருந்தில்தான் பெண்களுக்கு இலவசமாயிற்றே என்று சென்னையில் இருப்பவர் நிச்சயம் கேட்பார். 2021 மே மாதம் தொடங்கிய அந்தச் சலுகை சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கானது. இந்த இரண்டு கிராமங்களுக்கும் நேரத்துக்கு வருவது புறநகர்ப் பேருந்து. அதில் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். இதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டேன். வரப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் இருந்தால் ஒப்புதல் ஒரு வாரம் முன்னதாக வரும்.

இரண்டாம் தவணையையும் நானே போட்டுக் காட்டினேன். திட்டப்படி 3,00,000. படிப்பை நிறுத்தியவருக்குரிய 12,000 கழித்து, மெஸ் பணம் 15,000 கழித்து, பயணத்துக்கு 9,000 கூட்டி, கையில் உள்ள 9,500 கழித்தால் 2,72,500. இதுவே எங்களுக்குத் தேவை. இதில் ஏப்ரலுக்குப் பிறகு செலவாகப் போகும் மெஸ், பயணப் பணத்தையும் தனி வரியாகச் சொன்னேன். நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. ஆண்டுக்கணக்கில் தொடரும் திட்டத்தில் அன்று செலவாகாமல் நிற்கும் தொகையை நிறுவனம் 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஏப்ரலில் போய்ச் சொன்னால் அவர்களுக்கு நேரம் இருக்காது.

மின்னஞ்சலின் தலைப்பு வரியில், அரையாண்டு அறிக்கை என்பதோடு "ஒரு மாற்றத்துக்கு ஜனவரி 20க்குள் ஒப்புதல் வேண்டி" என்றும் போட்டேன். முதல் மூன்று வரியில் செலவு, மீதி, எத்தனை மாணவிகள் தொடர்கிறார்கள், என்ன கேட்கிறோம். மொத்தம் ஒன்றரைப் பக்கம்.

ஒப்புதல் ஒரே வரியில் வந்தது, கூடவே ஒரு கேள்வியும்: "பயணத்துக்கு ரசீது என்ன வைப்பீர்கள்?" கேட்க வேண்டிய கேள்விதான். நடத்துநர் கையில் இருக்கும் கருவி தரும் சீட்டில் எழுத்து சில வாரத்திலேயே மங்கிவிடும், தணிக்கை வரும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அதனால் சீட்டுகளை நம்பாமல், மாத முடிவில் கல்லூரி அலுவலகத்தில் வருகை நாள் எண்ணிக்கையை எழுதி வாங்கி, அதை நாற்பதால் பெருக்கி, மாணவி கையெழுத்திட்ட வவுச்சரோடு சேர்த்து வைப்பது என்று முடிவு செய்தோம். ஒப்புதல் மின்னஞ்சலின் நகல் அந்தக் கோப்பின் முதல் தாள். ஜனவரியில் பொங்கல் விடுமுறை போக இருவரும் கல்லூரிக்குப் போனது 17 நாள். ஆளுக்கு 680 ரூபாயை அவரவர் வங்கிக் கணக்கில் போட்டோம்.